மே 31-க்கான வேலை ஏப்ரலில்

இந்தியாவில் ஒரு சிறு அறக்கட்டளையின் கெடுநாட்கள் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி நன்கொடையாளர் விவரப் பட்டியலுக்கு மே 31, தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. வெளிநாட்டு நன்கொடைக்குப் பதிவு பெற்ற அமைப்பு எஃப்.சி.4 என்னும் ஆண்டறிக்கையை டிசம்பர் 31-க்குள் உள்துறை அமைச்சகத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆண்டில் வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் தாக்கல் உண்டு. இடைவெளி தாராளமாகத் தெரிந்தாலும், எல்லாவற்றுக்கும் அடிப்படை மார்ச் 31-இல் முடியும் ஒரே கணக்குதான். அது தாமதமானால் எல்லாம் தாமதமாகும்.

முதலில் இடறுவது மே 31. படிவம் 10பிடி எனப்படும் இந்தப் பட்டியலில் நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண், தொகை ஆகியவை இருக்க வேண்டும். தாக்கல் செய்த பிறகே வரிச்சலுகைக்கான சான்றிதழை இணையதளத்திலிருந்து எடுத்து நன்கொடையாளருக்குக் கொடுக்க முடியும். அதற்கும் அதே மே 31தான் கெடு. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ.200, இருபது நாள் தாமதித்தால் ரூ.4,000. ஜூலையில் பணம் கொடுத்தவரிடம் அடுத்த மே மாதம் பான் எண் கேட்டால் பதில் வருவது அரிது. ரசீது எழுதும்போதே அதை வாங்குவதுதான் சரியான வழி. விடுபட்டவர்களை ஏப்ரல் நடுவில் கேட்டு, மே 10-இல் பட்டியலை முடித்து, மே 20-இல் தாக்கல் செய்தால் திருத்தத்துக்கும் நாள் இருக்கும்.

நன்கொடையாளரின் ஆண்டு வேறாக இருப்பது அடுத்த சிக்கல். மாலை நேர வகுப்புகள் நடத்தும் ஓர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிநாட்டு நன்கொடையாளர் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான செலவறிக்கையைப் பிப்ரவரி இறுதிக்குள் கேட்கிறார். உள்ளூர் நிறுவனம் ஒன்று, தன் சி.எஸ்.ஆர். நிதிக்கான பயன்பாட்டுச் சான்றிதழை ஏப்ரலில் கேட்கிறது. ஆசிரியரின் ஜனவரி மாதச் சம்பளம் நிதியாண்டுக் கணக்கில் ஓர் ஆண்டிலும், வெளிநாட்டவர் அறிக்கையில் அடுத்த ஆண்டிலும் விழும். ஒவ்வொரு வவுச்சரிலும் திட்டத்தின் பெயரும் நிதி கொடுத்தவரின் பெயரும் அன்றே குறிக்கப்பட்டால்தான் இரண்டும் ஒத்துப்போகும். ஒரே பில் இருவர் கணக்கிலும் ஏறியிருப்பதைத் தணிக்கையாளர் கண்டுபிடித்தால் விளக்கம் சொல்வது கடினம்.

ஆகவே நாட்காட்டியில் கெடுநாளை மட்டும் எழுதினால் போதாது. வேலை தொடங்கும் நாள், எந்தக் காகிதம் தேவை, அதை யார் தரவேண்டும் என்பவையும் வேண்டும். செப்டம்பர் 30 என்றால், வங்கிக் கணக்கு ஒப்பீடும் நிலுவைப் பட்டியலும் ஜூன் இறுதிக்குள் தணிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். அரசு சில ஆண்டுகளில் கெடுவை நீட்டிப்பதுண்டு. அதை நம்பித் திட்டமிடுவது வீண்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், வரி தொடர்பான நாட்களையும் படிவ எண்களையும் தணிக்கையாளரிடம் ஒருமுறை சரிபார்த்த பிறகே நாட்காட்டியில் எழுத வேண்டும்.