இரண்டு கோடுகளும் ஓர் அளவுகோலும்

பங்கு விலை ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ திரும்புவதைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பதற்காக உருவானது வோர்டெக்ஸ் இண்டிகேட்டர். எட்டியென் போட்ஸ், டக்ளஸ் சீப்மன் என்ற இருவர் 2010 ஜனவரியில் ஓர் அமெரிக்க வணிக இதழில் இதை வெளியிட்டார்கள். நீர்ச்சுழிகளை ஆராய்ந்த ஆஸ்திரியரான விக்டர் ஷாபர்கரிடமிருந்து பெயர் வந்தது. கணக்கு முறை பெரும்பாலும் வெல்ஸ் வைல்டர் 1978இல் வகுத்த வழியைச் சேர்ந்தது.

இதில் இரண்டு கோடுகள் உண்டு. இன்றைய உச்ச விலைக்கும் நேற்றைய தாழ்ந்த விலைக்கும் உள்ள தூரம் VI+ கோட்டுக்குப் போகிறது. இன்றைய தாழ்ந்த விலைக்கும் நேற்றைய உச்சத்துக்கும் உள்ள தூரம் VI- கோட்டுக்கு. வழக்கமாக 14 நாள் தூரங்களைக் கூட்டி, அதே நாட்களின் ‘ட்ரூ ரேஞ்ச்’ கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள்.

ட்ரூ ரேஞ்ச் என்பது அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி மட்டுமல்ல. நேற்றைய முடிவு விலையிலிருந்து இன்றைய உச்சமோ தாழ்வோ அதைவிடத் தள்ளியிருந்தால் அந்தத் தூரமே கணக்கில் சேரும். இரவோடிரவாக விலை தாவியதும் இதில் அடங்கிவிடும்.

கற்பனையான ஒரு பங்கை இரண்டு நாள் கணக்கில் பார்க்கலாம். முதல் நாள் உச்சம் 102, தாழ்வு 98, முடிவு 100. மறுநாள் இவை 103, 99, 102. மூன்றாம் நாள் விலை தாவித் திறந்து 108, 105, 107 ஆகிறது. கடைசி இரு நாட்களின் மேல்நோக்கிய தூரம் 5, 9. கீழ்நோக்கியது 3, 2. ட்ரூ ரேஞ்ச் 4, 6. ஆகவே VI+ 1.4, VI- 0.5. அன்றன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியால் மட்டும் வகுத்திருந்தால் VI+ 2 என்று ஊதிப் பெருத்திருக்கும்.

VI+ கோடு VI- கோட்டைக் கீழிருந்து வெட்டி மேலே போனால் ஏற்றத்தின் தொடக்கம் என்று கொள்வார்கள். வெட்டிய உடனே வாங்கிவிடாமல், அந்த நாளின் உச்ச விலை தாண்டப்படும்வரை காத்திருப்பதே அதை வகுத்தவர்கள் சொன்ன முறை. இறக்கத்துக்கு அன்றைய தாழ்ந்த விலை.

பலரும் கவனிக்காத பலவீனம் ஒன்று இதில் உண்டு. கணக்கு தூரத்தை மட்டும் பார்க்கிறது, திசையைப் பார்ப்பதில்லை. மூன்றாம் நாளின் அந்த 2, உண்மையில் விலை மேலே தாவிய தூரம். ஆனாலும் இறக்கத்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. அன்று விலை இன்னும் 20 ரூபாய் கூடுதலாகத் தாவியிருந்தால் VI+ சுமார் 1.13, VI- 0.83 ஆகியிருக்கும். பாய்ச்சல் பெரிதாகியும் கோடுகள் நெருங்கியே வருகின்றன! காலாண்டு முடிவு வெளியான மறுநாள் கோடுகள் நெருங்கினால், ஏற்றம் தளர்ந்துவிட்டது என்று அவசரப்படக் கூடாது. விலை ஒரே மட்டத்தில் ஊசலாடும்போதோ கோடுகள் அடிக்கடி வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுகளில் பெரும்பாலானவற்றை நம்பி வாங்குவது தரகுக் கட்டணத்துக்குக்கூடத் தேறாது.