கோவிவன் என்னும் நாய்

கல்யாணில் ஒரு தமிழ்க் குடும்பம் பதினோர் ஆண்டுகள் வளர்த்த நாய் இறந்துவிட்டது என்று கொள்வோம். அதன் பெயர் மோத்தி. அதன் நிழற்படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். படத்தின் அடியில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. அவ்வரியில் எதை எழுதுவது?

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒருவர் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவிட்டார். அவர் எழுதியது கல்லில். அவர் பெயர் தெரியவில்லை.

போரிலோ, கால்நடைகளைக் காக்கும்போதோ உயிர்விட்ட வீரனுக்கு ஊரார் நட்ட நினைவுக்கல்லை நடுகல் என்பர். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று எடுத்தனூரில் உள்ளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அக்கல் நடப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்தான் என்பது கல்லில் உள்ள செய்தி. எழுத்து வட்டெழுத்து, எனவே இன்று தமிழ் படிக்கத் தெரிந்தவரும் பயிற்சியின்றி அதைப் படிக்க இயலாது.

கல்லில் வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. வீரனைப் பற்றிய எழுத்துகளோடு நாய்க்கென்றும் தனியே ஒரு வரி இருக்கிறது. இன்றைய எழுத்தில் அது இவ்வாறு அமையும்:

கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு.

ஏழே சொற்கள். கோவிவன் என்பது நாயின் பெயர். ஊர்நாய்களுள் ஏதோ ஒன்று என்று விடாமல், எழுதியவர் அதன் பெயரை முதலில் வைத்தார். அடுத்து அது செய்ததைச் சொன்னார். ‘இரு கள்ளனை’ என்பதை இன்று ‘கள்வர் இருவரை’ என்போம். அந்த ‘இரு’ என்னும் எண்தான் வரிக்கு உயிர். ‘கள்வரைக் கடித்த நாய்’ என்றிருந்தால் அது எந்த நாய்க்கும் பொருந்தும். இருவர் என்றதும் குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த நிகழ்ச்சி கண்முன் வருகிறது. ‘அன்புள்ள’, ‘நன்றியுள்ள’ போன்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை.

கடைசிச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘ஆறு’ என்றால் விதம். ‘காத்திருந்தவாறு’ என்றால் ‘காத்திருந்த விதம்’ என்று பொருள். வாக்கியம் வினைமுற்றால் முடியவில்லை. செதுக்கிய உருவத்தைச் சுட்டி, ‘அந்நாய் காத்து நின்ற விதம் இது’ என்று காட்டுவதுபோல் முடிகிறது. ஆகவே இது படத்தின் அடியில் எழுதும் குறிப்பின் இலக்கணத்தையே கொண்டிருக்கிறது. இன்னொன்று: இன்று ‘காத்திருத்தல்’ என்றால் ஒருவர் வரவை எதிர்பார்த்திருத்தல். கல்லில் அது ‘காவல் புரிந்து இருத்தல்’ என்னும் பொருளில் வருகிறது.

கோவிவனும் அன்று இறந்ததா? கல் அதைச் சொல்லவில்லை. ஆனால் கர்நாடகத்தில் ஆதகூரில் நடப்பட்ட கன்னடக் கல்வெட்டு ஒன்று நாயின் இறப்பைத் தெளிவாகவே கூறுகிறது. 949ஆம் ஆண்டையொட்டி, இன்றைய அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில், சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் பெரும்போர் நடந்தது. அதில் இராட்டிரகூடர் பக்கம் நின்று திறம்காட்டிய மணலேரன் என்னும் வீரன், பரிசாகக் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பொன்னோ நிலமோ கேட்கவில்லை. பின்னர் அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றுடன் போரிட்டது, இரண்டும் மாண்டன. அதன் நினைவாகக் கல் நடப்பட்டது. இன்று அக்கல் பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி மோத்தியின் படத்துக்கு வருவோம். வீட்டுப் பிள்ளை முதலில் எழுதியது: ‘எங்கள் அன்புச் செல்லமே, நீ என்றும் எங்கள் நெஞ்சில் வாழ்வாய்’. பிழை ஏதும் இல்லை. ஆயினும் மோத்தியை அறியாத ஒருவர் இதைப் படித்தால் அது நாயா, பூனையா, கிளியா என்றுகூடத் தெரியாது. அடுத்த வீட்டுப் பூனைக்கும் இதையே எழுதலாம்.

மோத்தி கள்வரைக் கடித்ததில்லை. கள்வர் வந்ததும் இல்லை. அது செய்தது வேறு. தந்தை வேலை முடிந்து மின்தொடர்வண்டியில் கல்யாண் வந்து இறங்கி, வீட்டை அடைய இரவு ஒன்பதாகும். அந்நேரத்துக்குச் சற்று முன் மோத்தி மூன்றாம் மாடிப் படியில் வந்து படுத்துக்கொள்ளும். தந்தை வராமல் உணவைத் தொடாது. மழைக்காலத்தில் வண்டிகள் நின்று, அவர் நள்ளிரவில் வந்த நாளிலும் அது அங்கேயே கிடந்தது.

பிள்ளை மறுபடியும் எழுதியது. இம்முறை ‘காத்திருந்தவாறு’ என்பதை இன்றைய பொருளில் கொண்டது:

மோத்தி என்னும் நாய், மூன்றாம் மாடிப் படியில், இரவுதோறும் அப்பாவுக்காகக் காத்திருந்தவாறு.