இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே 36 மணி நேரம்

இதயத்தின் பம்ப் செய்யும் வலு குறைந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கி, கால் வீங்கும் நோயாளிகளுக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ‘ஏஸ்’ தடுப்பு மாத்திரைகள் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகின்றன. இன்று பலருக்கு அவற்றுக்குப் பதிலாக சாகுபிட்ரில்–வால்சார்டன் கூட்டு மாத்திரை எழுதப்படுகிறது. 2014இல் வெளியான பாரடைம் ஆய்வில், ஏறத்தாழ 27 மாதங்களில், இதய நோயால் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் எனலாப்ரில் பிரிவில் நூற்றுக்கு 26.5 பேர். கூட்டு மாத்திரைப் பிரிவில் அது 21.8. இது பெரிய லாபம்தான். ஆனால் மாற்றும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

நம் உடலில் பிராடிகினின் என்றொரு பொருள் சுரக்கிறது. அதைச் சிதைக்கும் நொதிகளில் முக்கியமானவை ஏஸ், நெப்ரிலைசின். ஏஸை எனலாப்ரில் தடுக்கும்போது பிராடிகினின் தேங்குகிறது. சிலரை வாட்டும் வறட்டு இருமலுக்கு இதுவே முக்கியக் காரணம். சாகுபிட்ரில் தடுப்பது நெப்ரிலைசினை. கூட இருக்கும் வால்சார்டன் ஏஸைத் தொடுவதில்லை என்பதால் ஒரு வழி திறந்திருக்கிறது. அதனால் இருமலும் சற்றுக் குறைவு.

இரண்டு வழிகளும் ஒருசேர அடைபட்டால் உதடு, நாக்கு, தொண்டை திடீரென வீங்கி மூச்சே அடைக்கலாம். இதுதான் ஆஞ்சியோஎடிமா. இரு நொதிகளையும் தடுத்த ஓமாபாட்ரிலாட் என்ற மருந்து இந்த வீக்கத்தால்தான் சந்தைக்கு வராமலே போனது. பாரடைம் ஆய்வில் வீக்கம் அரிதுதான்: கூட்டு மாத்திரையில் 19 பேர், எனலாப்ரிலில் 10 பேர். ஆனால் இரு மருந்துகளையும் முதலில் கொடுத்துப் பார்த்து, தாங்கியவர்களையே அந்த ஆய்வில் தொடரவிட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எனவே எனலாப்ரில் 5 மி.கி. காலை, இரவு எடுப்பவர் திங்கள் காலை 8 மணிக்குக் கடைசி மாத்திரையைப் போட்டால், செவ்வாய் இரவு 8 மணிக்கு முன் புதியதைத் தொடங்கக் கூடாது. அவருக்குப் பொதுவாக 50 மி.கி. மாத்திரை இரு வேளை என்று ஆரம்பித்து, ரத்த அழுத்தம் தாங்குவதைப் பார்த்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கூட்டுவார்கள். தலைசுற்றல் இதில் சற்று அதிகம். புதியதிலிருந்து பழையதற்குத் திரும்பினாலும் அதே 36 மணி நேரம்தான். முன்பே இந்த வீக்கம் வந்தவர்களுக்கு இந்த மாத்திரையே கூடாது.

பொட்டாசியம் இரண்டிலும் ஏறலாம். சிறுநீரகம் பலவீனமானவர்கள், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதற்கு முன் உடல் எதையும் காட்டாமல் இருந்துவிடலாம். எனவே தொடங்கிய ஓரிரு வாரங்களில் பொட்டாசியம், கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அவசியம்.

புதுச் சீட்டு கையில் வந்ததும் வீட்டில் மிச்சமிருக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் அட்டைகளை மாத்திரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.