ரிசப்ஷன் மேடையில் 4 மணி நேரம்: ஹீல்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஒரு முழு நாள். ப்ளவுஸ் தைக்க மூன்று ட்ரயல். ஆனால் ரிசப்ஷனுக்கான ஹீல்ஸ்? கடைசி வாரத்தில், கடையில் உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்து, “ஓகே, இதையே பேக் பண்ணுங்க” என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தின் விளைவு மறுநாள் காலையில்தான் தெரியும். தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் பெரும்பாலும் முதல் நாள் மாலை ரிசப்ஷன், அடுத்த நாள் அதிகாலை முகூர்த்தம். ரிசப்ஷனில் ஹீல்ஸோடு நின்ற அதே கால்தான் சில மணி நேரத்தில் வெறுங்காலோடு மணவறைக்கு வர வேண்டும். அம்மி மிதித்து மெட்டி போடுவதும் அந்த விரலில்தான். முதல் நாள் ஷூவில் நசுங்கி வீங்கிய விரலில் மெட்டி ஏற்றினால் எப்படி இருக்கும்?

பிள்ளைப்பாக்கம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க தட்டையான, முன்பக்கம் அகலமான ஷூ. அதற்குப் பழகிய கால், கல்யாணத்தன்று திடீரென 4 இன்ச் ஹீல்ஸில் ஏறுகிறது. நின்று பழகிய கால்தான் என்றாலும் அது சமதளத்தில் நின்று பழகியது, சரிவில் அல்ல.

*அட்டையில் இருக்கும் உயரம் வேறு, காலுக்குக் கிடைக்கும் உயரம் வேறு*

ஹீல்ஸ் போட்டால் வலிப்பது உயரத்தால் மட்டுமல்ல, சரிவால். குதிகால் மேலே போகப் போக, உடம்பின் எடை முன்பாதத்துக்கு, அதாவது விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டுப் பகுதிக்கு நகரும். சரிவு அதிகமானால் கால் முன்னோக்கி வழுக்கவும் செய்யும்.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 24 செ.மீ. நீளப் பாதத்தில் குதிகாலிலிருந்து முன்பாத மேடு வரை சுமார் 17 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2 இன்ச் ஹீல்ஸில் அந்தப் பகுதி தோராயமாக 17 டிகிரி சாயும். 3 இன்ச் என்றால் 27 டிகிரி. 4 இன்ச் என்றால் 37 டிகிரி. ஷூவின் அமைப்பைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். ஆனால் ஒவ்வொரு இன்ச்சுக்கும் சரிவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது புரிந்துவிடும்.

இங்கேதான் பிளாட்ஃபார்ம் உதவிக்கு வருகிறது. முன்பாதத்துக்குக் கீழேயும் கனமான சோல் இருந்தால், காலுக்குக் கிடைக்கும் உண்மையான உயரம் குறையும். பின்பக்க உயரத்திலிருந்து முன்பக்க உயரத்தைக் கழித்தால் போதும். பின்னால் 4 இன்ச், முன்னால் ஒன்றரை இன்ச் என்றால் கால் உணர்வது இரண்டரை இன்ச் மட்டுமே. சரிவு 37 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்கு இறங்கிவிடும். போட்டோவில் மாப்பிள்ளை பக்கத்தில் தெரியும் உயரமோ அதே 4 இன்ச்.

தட்டையான செருப்புக்கே பழகியவர்களுக்கு இந்தக் கழித்தல் விடை 2 முதல் இரண்டரை இன்ச்சுக்குள் இருப்பது நல்லது. கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போனால் அங்கேயே அளந்துவிடலாம்.

ரிசப்ஷன் உடை பெரும்பாலும் பட்டுப்புடவை அல்லது லெஹங்கா. இரண்டிலும் பாதம் வெளியே தெரிவதே அபூர்வம். எனவே முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே கனம் உள்ள பிளாட்ஃபார்ம் செருப்பைப் போட்டாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. உயரம் கிடைக்கும், சரிவு மட்டும் இருக்காது.

*பிளாட்ஃபார்முக்கும் ஒரு லிமிட் உண்டு*

கனமான சோல் வளையாது. மேடையில் நிற்க அது வசதி, நடக்கத்தான் சிரமம். தரையின் மேடு பள்ளம் காலுக்குத் தெரியாததால் கணுக்கால் மடங்கும் ஆபத்தும் அதிகம். மண்டப மேடை என்பது பலகைகளுக்கு மேல் விரித்த கார்ப்பெட். நடுவில் இடைவெளி இருக்கும், ஓரத்தில் ஒயர் ஓடும், ஏறி இறங்கப் படிகளும் உண்டு. அதனால் ஒன்றரை இன்ச்சுக்கு மேல் பிளாட்ஃபார்ம் எடுத்தால் கணுக்கால் ஸ்ட்ராப் கட்டாயம் இருக்க வேண்டும்.

குச்சி மாதிரி ஒல்லியான ஸ்டிலெட்டோ மேடைப் பலகை இடுக்கிலும் புல்தரையிலும் இறங்கிவிடும். அதன் அடிப்பரப்பு சுமார் 1 சதுர செ.மீ.தான். 4 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் உள்ள பிளாக் ஹீலுக்கு அது 16 சதுர செ.மீ. குதிகாலில் இறங்கும் அதே எடை 16 மடங்கு பெரிய இடத்தில் பரவுகிறது. முன்பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தை பிளாக் ஹீல் குறைக்காது. ஆனால் ஆட்டத்தைக் குறைக்கும். ஆடாமல் நிற்பதற்காகக் கெண்டைக்கால் தசை படும் பாடு அதனால் மிச்சமாகும்.

தரத்தைப் பார்க்க ஒரு எளிய டெஸ்ட் உண்டு. ஷூவைச் சமமான மேஜையில் வைத்து, குதிகால் உட்காரும் இடத்தை விரலால் அழுத்துங்கள். ஹீல் ஆடினாலோ, முன்பகுதி மேலே எழும்பினாலோ வேண்டாம். பிறகு கையில் எடுத்து நடுப்பகுதியை வளைத்துப் பாருங்கள். அங்கே வளையக் கூடாது. உள்ளே ஷாங்க் எனப்படும் உறுதியான பட்டை இருந்தால்தான் அந்த இடம் தாங்கும். மலிவான ஹீல்ஸ் பலவற்றில் பலவீனமான இடம் அதுதான்.

*விரல்கள் போய் முட்டும் இடம்: டோ பாக்ஸ்*

சரிவில் வழுக்கி வரும் கால் கடைசியில் முட்டி நிற்பது டோ பாக்ஸில், அதாவது ஷூவின் முன்பகுதியில். அது கூர்மையாக இருந்தால் பெருவிரல் உள்பக்கமும் சுண்டுவிரல் எதிர்ப்பக்கமும் தள்ளப்படும். அதனால் உயரத்தையும் முன்பகுதியின் வடிவத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. 2 இன்ச்சில் தாங்கக்கூடிய கூர்முனை, 4 இன்ச்சில் தாங்காது.

இந்தியக் கால்களுக்கு இது இன்னும் முக்கியம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ) 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை 3டி ஸ்கேன் செய்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக முன்பக்கம் அகலமானது என்பது அதில் தெரியவந்தது. அதன் அடிப்படையில்தான் ‘பா’ (பாரத் என்பதன் முதல் எழுத்து) என்ற இந்திய சைஸ் முறை பரிந்துரைக்கப்பட்டது. யுகே, யூரோ எண்களோடு வரும் ஷூ நீளத்தில் சரியாக இருந்தும் விரல் பக்கம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். இந்தப் பிரச்சினைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதைத்தான் பலரும் வழியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹீல்ஸில் அது எதிர் வேலை செய்யும். குதிகால் லூஸாகி, கால் இன்னும் முன்னே வழுக்கும்.

அப்படியென்றால் எப்படிப் பார்ப்பது? ஒரு வெள்ளைத் தாள் போதும். மாலையில், முடிந்தால் ஷிப்ட் முடிந்து வந்ததும், அதன் மேல் நின்று பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ரிசப்ஷனில் ஷூவுக்குள் இருக்கப் போவதும் அந்தக் கால்தான். வரைந்ததை வெட்டி எடுத்து, கடையில் ஷூவின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பாருங்கள். விரல் பக்கம் தாள் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அவ்வளவும் உள்ளே நசுங்கப் போகிறது என்று அர்த்தம். வட்டமான அல்லது சதுரமான முன்பகுதியில் இந்தப் பிரச்சினை குறைவு. கூர்முனைதான் பிடிக்கும் என்றால், விரல்கள் முடிந்த பிறகு கூர்மை தொடங்கும் மாடலைத் தேட வேண்டும்.

அகலத்தைப் போல உயரமும் முக்கியம். உள்ளே விரல்களை மேலே தூக்கிப் பார்க்க இடம் இருக்க வேண்டும். ஏற்கெனவே மெட்டி போட்ட அக்கா, அண்ணிகளுக்கு இது கட்டாயம். மூடிய ஷூவுக்குள் மெட்டி பக்கத்து விரலில் அழுந்திப் புண்ணாக்கிவிடும். அவர்களுக்கு முன்பக்கம் திறந்த மாடல்தான் சரி.

*ஒரு கல்யாணக் கணக்கு*

பிள்ளைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு மணப்பெண் என்று வைத்துக்கொள்வோம். பாதம் 24 செ.மீ., தினமும் தட்டை ஷூ. ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்தில் மாலை 6.30 முதல் 10.30 வரை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை உயரம் என்பதால் 4 இன்ச் வேண்டும்.

அவருக்குப் பொருந்துவது: பின்னால் 4 இன்ச் பிளாக் ஹீல், முன்னால் ஒன்றரை இன்ச் பிளாட்ஃபார்ம், திறந்த அல்லது வட்டமான முன்பகுதி, கணுக்காலில் ஸ்ட்ராப். ஸ்ட்ராப் அழகுக்கு மட்டுமல்ல. கால் முன்னே வழுக்காமல் பின்னால் பிடித்து வைப்பது அதுதான்.

வாங்க வேண்டிய நேரம் ஒரு மாதம் முன்பு. லெஹங்கா நீளம் வெட்டுவதற்கு முன்பே ஹீல்ஸ் கையில் இருக்க வேண்டும். புடவை கட்டும்போது அதைப் போட்டிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் நடுவில் தட்டைச் செருப்புக்கு மாறும்போது கொசுவம் தரையில் புரளும், கால் தடுக்கும். அதனால் மாற்றுச் செருப்பும் கிட்டத்தட்ட அதே உயரத்தில், சரிவே இல்லாத பிளாட்ஃபார்மாக இருக்கட்டும்.

கடைசி இரண்டு வாரம் வீட்டு டைல்ஸ் தரையில் தினமும் 20, 30 நிமிடம் நின்று பழக வேண்டும். நிற்பதுதான் முக்கியம், ஏனென்றால் ரிசப்ஷனில் நடப்பது குறைவு. எந்த இடம் சிவக்கிறது என்று பார்த்து, பிளாஸ்டர் ஒட்ட வேண்டிய இடத்தை முன்பே குறித்துக்கொள்ளலாம். ஜெல் பேட் வைப்பதாக இருந்தால், ஷூ வாங்கும்போதே அதை உள்ளே வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். இறுக்கமான ஷூவில் பிறகு பேட் வைத்தால் காலை மேலே தூக்கி இன்னும் இறுக்கும்.

*எப்போது கழற்ற வேண்டும்?*

முன்பாதத்தில் எரிச்சல் வந்தால், மேடையில் கூட்டம் குறையும் நேரத்தில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். விரல் இடுக்கில் ஷாக் அடிப்பது போல இருந்தாலோ, மரத்துப் போனாலோ நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். அப்போது தாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது, மாற்றுச் செருப்புக்குப் போய்விட வேண்டும். மரப்பு சில நாட்களுக்கு நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போகச் செய்யும் ஸ்ப்ரே, க்ரீம் எல்லாம் வலியை மறைக்குமே தவிர கொப்புளத்தைத் தடுக்காது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் புது ஹீல்ஸையும் இந்த க்ரீம்களையும் தவிர்ப்பதே நல்லது.

இரவு மண்டப அறைக்குத் திரும்பியதும் பத்து நிமிடம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்தால் வீக்கம் கொஞ்சம் இறங்கும். காலையில் மெட்டி சிரமமில்லாமல் ஏறும்.