சிறப்புரைக்கு அழைக்கும் கடிதம்

நிறுவன விழாவில் பேச வெளியிலிருந்து வல்லுநரை அழைக்கும் கடிதங்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெருமையில் தொடங்கி, வருகையை ஆவலுடன் எதிர்பார்ப்பதாகச் சொல்லி முடிந்துவிடுகின்றன. கேட்க வருபவர்கள் யார், தலைப்பு என்ன, மதிப்பூதியம் எவ்வளவு ஆகிய மூன்றும் பின்னால் போனில் பேசிக்கொள்ளலாம் என்று விடப்படுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அந்த வாரத்தில், உலோக உதிரிபாகம் செய்யும் கோவை ஆலை ஒன்று, கை அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரை அழைப்பதாகக் கொள்ளலாம். '120 ஊழியர்கள்' என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பிரஸ் மெஷினில் வேலை செய்பவர்கள், பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள், காலை ஷிப்ட் முடிந்து நேராக வருபவர்கள் என்று எழுத வேண்டும். பேச்சை ஒருவர் இந்தியில் சொல்லிக்கொண்டே வரப்போகிறார் என்றால் அதையும் குறிப்பிட வேண்டும். அப்போது 40 நிமிடத்தில் 20 நிமிடப் பேச்சுக்குத்தான் இடமிருக்கும். இது முன்பே தெரிந்தால் மருத்துவர் பாதி ஸ்லைடுகளை எடுத்துவிடுவார்.

'தொழிற்சாலைப் பாதுகாப்பு' என்பதைத் தலைப்பாகக் கொடுத்தால், யாரும் எங்கும் பேசக்கூடிய பேச்சுதான் கிடைக்கும். 'விரல் துண்டானால் மருத்துவமனை போய்ச் சேரும்வரை செய்ய வேண்டியவை' என்று கேட்டால் பேச்சு தானாகவே கூர்மையாகிவிடும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு மூடி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் வைத்தால் திசு கெட்டுவிடும். ஊழியர்களுக்குத் தேவைப்படுவது இப்படிப்பட்ட செய்திதான்.

பணம் பற்றி எழுதத்தான் எல்லோருக்கும் கூச்சம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் மதிப்பூதியத்துக்கு ஈடாகாது. 'தகுந்த மதிப்பூதியம்' என்ற சொற்றொடர், தொகையை இன்னும் முடிவு செய்யவில்லை என்பதை நாசூக்காகச் சொல்வதுதான். 'மதிப்பூதியம் ரூ. 20,000, கார் நாங்களே அனுப்புகிறோம், உரை முடிந்த பத்து நாளில் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

வரிப் பிடித்தத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. 2025 ஏப்ரல் முதல், மருத்துவர் போன்ற தொழில்முறை வல்லுநருக்கு ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் 10 சதவீத டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். 20,000 மட்டும் என்றால் பிடித்தம் இல்லை. அதே ஆண்டில் முதலுதவிப் பயிற்சிக்காக இன்னொரு 40,000 கொடுத்தால், மொத்தம் 60,000 ஆகி 6,000 பிடித்தமாகும். கேட்காத பிடித்தம் கணக்கில் தெரியும்போது, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே பேச்சாளர் நினைப்பார்.

பணியிலுள்ள அரசு மருத்துவரை அழைத்தால், மதிப்பூதியம் பெற அவர் துறையின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். தலைப்பும் தொகையும் தேதியும் உள்ள கடிதம்தான் அந்த விண்ணப்பத்துடன் இணைக்கப்படும். எனவே மார்ச் நிகழ்ச்சிக்கு ஜனவரியிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும்.