வாட்ஸப் வீடியோவும் நாற்பதடித் திரையும்

"போன்ல பளிச்சுனுதானே தெரியுது தம்பி? தியேட்டர்ல மட்டும் ஏன் தெரியாது? இழுத்துப் பெருசாக்கி விடுங்க." இடைவேளை விளம்பரத்துக்கு வாட்ஸப்பில் வீடியோ அனுப்பிய ஜவுளிக்கடை அண்ணாச்சி மூன்றாவது முறையாக இதையே சொன்னபோது, உட்கார்ந்து பதில் எழுதினேன். எடிட்டிங் வேலையில் இருக்கும் பலருக்கும் இந்தப் பேச்சு பழக்கம்தான்.

அண்ணாச்சி, உங்கள் வீடியோ 640×360 அளவு. அகலத்தில் 640 புள்ளிகள், உயரத்தில் 360. தியேட்டரின் 2K புரொஜக்டரில் அதை முழு உயரத்துக்கு நிரப்ப 1920×1080 வேண்டும். அதாவது ஒன்பது புள்ளிகளில் ஒன்றுதான் நீங்கள் எடுத்தது. மற்ற எட்டையும் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைப் பார்த்துக் கணினி நிரப்பும். பட்டுச்சேலைச் சரிகையின் இழை அந்த வீடியோவிலேயே பதிவாகவில்லை. நிரப்பினால் மஞ்சள் பூச்சுதான் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை சுருக்கத்தால் வருவது. அனுப்பும்போது வாட்ஸப் படத்தை 16×16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. நாற்பதடித் திரையில் உங்கள் ஒரு புள்ளியே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; ஒரு கட்டம் கிட்டத்தட்ட ஓரடி. வெறும் சுவர், வானம், கடைப் பெண்ணின் கன்னம் எல்லாவற்றிலும் ஓரடிச் சதுரங்கள் தெரியும். கூர்மையைக் கூட்டினால் சேலை தெளியாது, சதுரங்களின் ஓரம்தான் தெளியும்.

போனில் ஏன் தெரியவில்லை? ஆறு அங்குலப் படத்தை ஒன்றேகால் அடி தள்ளிப் பிடித்துப் பார்க்கிறீர்கள். தியேட்டரில் ஐம்பதடி தள்ளி உட்கார்ந்தவருக்கே படம் அதைப்போல் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். இருபதடியில் முன்வரிசைக்காரருக்கு ஐந்து மடங்கு. என் பேச்சை நம்ப வேண்டாம். வீட்டில் 43 இன்ச் டிவி இருந்தால் வீடியோவை முழுத்திரையில் போட்டு நாலடி தள்ளி உட்காருங்கள். அந்த ஐம்பதடி இருக்கைக்காரர் பார்ப்பது அதைத்தான்.

வழி இல்லாமல் இல்லை. படம் எடுத்தவர் போனில் அசல் இருக்கும். கேலரியில் அதன் விவரத்தைத் திறந்தால் 1920×1080 என்றோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதை வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் வாட்ஸப் சுருக்காது. ஏற்கெனவே சுருங்கி உங்கள் கைக்கு வந்ததை டாக்குமெண்டாக அனுப்பிப் பயனில்லை. (இதைப் பலர் செய்கிறார்கள்.)

அசல் அழிந்துபோயிருந்தால் வீடியோவை ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்காமல் திரையில் ஒரு பக்கமாக வைக்கிறேன். மறுபக்கம் கடையின் போட்டோக்கள் வரட்டும். போன் கேமராவில் எடுத்த போட்டோ திரைக்குத் தாராளமாகப் போதும். கடைப் பெயரையும் விலாசத்தையும் தியேட்டர் அளவிலேயே புதிதாக அடிக்கிறேன். அந்த எழுத்து வேலைக்குத் தனியாகப் பணம் வேண்டாம். போட்டோக்கள் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.