சாய்ந்த படத்திலும் எண்ணிக்கை மாறாது

மேசைமேல் விரித்த வரைபடத்தாளை நேர்மேலே நின்று படம்பிடிப்பவர்கள் குறைவு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைபேசியைச் சாய்த்து எடுத்துவிடுகிறார்கள். அந்தப் படத்தில் பக்கத்துக் கட்டங்கள் பெரிதாகவும் தூரத்துக் கட்டங்கள் சிறிதாகவும் விழும். இணைகோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். ஒரு முக்கோணத்தைப் பிரதிபலித்து, சுழற்றி, இடம்பெயர்த்துப் புதிய ஆயத்தொலைவுகளை எழுதும் கணக்கு இப்படிப் படமாக வரும்போது, திரைமேல் அளவுகோலை வைக்கும் மாணவருக்கு ஒரு விடையும் சரியாக வராது.

சாய்வு நீளத்தையும் கோணத்தையும் கெடுக்கிறது. ஆனால் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிய இடம் படத்திலும் வெட்டும் இடமாகவே இருக்கிறது. ஆகவே அளக்கக் கூடாது, எண்ண வேண்டும். ஆதிப்புள்ளியிலிருந்து வலப்புறம் எத்தனை கோடுகள், மேலே எத்தனை கோடுகள் என்று எண்ணினால், படம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் ஆயத்தொலைவு மாறாது. மங்கிய படத்தில் மில்லிமீட்டர்க் கோடுகள் கரைந்துபோயிருக்கும். அப்போது சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரும் தடித்த கோடுகளை முதலில் எண்ணுவது நல்லது. அச்சில் எழுதிய எண்களையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு கட்டத்தை ஓர் அலகாக எடுத்திருக்கவும் கூடும்.

புள்ளி கட்டத்தின் நட்டநடுவில் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால்? சாய்ந்த கட்டத்தில் கண்ணுக்கு நடுவாகத் தெரியும் இடம் உண்மையான நடு அல்ல. அந்தக் கட்டத்துக்கு இரண்டு மூலைவிட்டங்களை வரைந்தால் அவை வெட்டும் இடமே நடுப்புள்ளி. இது பழைய உத்தி. இத்தாலியின் ஆல்பர்ட்டி 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதிய நூலில், தூரத்தில் சிறுத்துச் செல்லும் தளக்கட்டங்களைச் சரியாக வரைந்திருக்கிறோமா என்று அறிய மூலைவிட்டத்தையே சோதனையாக வைத்தார். ஒரே நேர்கோடு அடுத்தடுத்த கட்டங்களுக்கு மூலைவிட்டமாக அமைந்தால் வரைந்தது சரி.

இனி கணக்குக்கு வருவோம். படத்திலிருந்து எண்ணி எடுத்த முக்கோணம் A(2, 1), B(5, 1), C(5, 3) என்று கொள்வோம். அதை y-அச்சில் பிரதிபலித்தால் உயரம் மாறாது, வலம் இடமாகும்: (−2, 1), (−5, 1), (−5, 3). ஆறு அலகு இடப்புறமும் நான்கு அலகு கீழேயும் இடம்பெயர்த்தால் ஒவ்வொரு புள்ளியிலும் அதே கழித்தல்தான்: (−4, −3), (−1, −3), (−1, −1).

சுழற்சியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆதிப்புள்ளியைச் சுற்றி இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் (x, y) என்பது (−y, x) ஆகும். புள்ளிகள் (−1, 2), (−1, 5), (−3, 5) என வரும். குறியை மாற்றி (y, −x) என்று எழுதினால் A போய் நிற்கும் இடம் (1, −2). அது வலஞ்சுழித் திருப்பத்தின் விடை. இந்தத் தவற்றைப் பக்க நீளங்கள் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டிலும் முக்கோணம் அதே அளவுதான். முதல் கால்பகுதியில் இருந்த உருவம் இடஞ்சுழியாகத் திரும்பினால் இரண்டாம் கால்பகுதிக்குத்தான் போக வேண்டும். அதைப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

A, B, C என்ற வரிசையில் விரலை ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. நம் முக்கோணத்தில் விரல் இடஞ்சுழியாகப் போகிறது. சுழற்றினாலும் இடம்பெயர்த்தாலும் அப்படியேதான் போகும். பிரதிபலித்தால் மட்டும் வலஞ்சுழியாக மாறும். கைபேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில நேரம் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கப்படுகிறது. அதில் கணக்கைத் தொடங்கும் முன்பே உருவம் ஒருமுறை பிரதிபலிக்கப்பட்டிருக்கும். அச்சில் உள்ள 2, 3, 5 போன்ற எண்கள் திரும்பித் தெரிந்தால் படத்தைப் புரட்டிவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும். படம் பக்கவாட்டில் சாய்ந்து வந்திருந்தால் எண்கள் நிமிரும்வரை திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் x இருக்கும் இடத்தில் y வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சுழற்சி மையம் ஆதிப்புள்ளியாக இல்லாமல் A ஆகவே இருந்தால் விதியை நேராகப் போட முடியாது. முதலில் A-ஐக் கழிக்க வேண்டும்: B அங்கிருந்து (3, 0), C அங்கிருந்து (3, 2). இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் அவை (0, 3), (−2, 3) ஆகின்றன. கழித்த (2, 1)-ஐத் திரும்பக் கூட்டினால் B (2, 4)-க்கும் C (0, 4)-க்கும் போகின்றன, A நகர்வதில்லை. படத்தில் A-யிலிருந்து மேலே மூன்று கோடுகள், பிறகு இடப்புறம் இரண்டு கோடுகள் எண்ணினால் விரல் அதே C-யில் போய் நிற்கும்.